முனிவேல் நிறுத்தி வைத்த பில்

முனிவேலை ஏமாற்றிய சப்ளையர் இன்னும் பிறக்கவில்லை என்று ஓசூர் சிப்காட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே முனிவேல்தான் என்பார்கள் கேன்டீனில். இருக்கலாம். ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது.

கல்லாவியில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, ஐ.டி.ஐ. சான்றிதழோடு எண்பத்தைந்தில் ஓசூருக்கு பஸ் ஏறியவர். லாரிக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டிச் சாமானும் முனிவேலின் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒரு தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மறுநிமிடம் பெட்டியின் மேல் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டுவார். ‘ஹோல்டு’ என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான், வேலை முடிந்தது. யாருக்கும் கடிதம் எழுதமாட்டார், யாரையும் போனில் கூப்பிடமாட்டார். அந்தச் சீட்டு விழுந்தால் சப்ளையருக்குப் பணம் நிற்கும். பணம் நின்றால் பெங்களூர் பீன்யாவிலிருந்தோ சென்னை அம்பத்தூரிலிருந்தோ அவனே அலறியடித்துக்கொண்டு வந்து, “சார், கொஞ்சம் பாத்து செய்யுங்க சார்” என்று அவர் மேஜை முன்னால் நிற்பான். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். உலகமே இப்படித்தான் ஓடுகிறது என்று அவர் முடிவு செய்திருந்தார். பாவம், அவருக்கு அதற்குமேல் உலகம் காட்டப்படவில்லை.

அவருக்கு ஒரே பெண். பெயர் பூங்கொடி. கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவள். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் வேலைக்குப் போகிறேன் என்றாள். கூடப் படித்தவர்கள் நாலு பேர் போகிறார்கள், ஒன்றாக அறை எடுக்கலாம் என்றாள். முனிவேல் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்டினால் பெண்பிள்ளைக்கு ஆகாது என்பது அவர் கட்சி. ஒன்றரை மணி பஸ் பயணத்துக்குள் இருக்கிற ஊர், அவர் பேச்சில் மட்டும் கடல் கடந்த தேசமாகிவிடும்.

இரண்டு மாதம் வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. பிறகு பூங்கொடியே ஒரு வழி கண்டுபிடித்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததை இங்கே காதில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்பவேண்டும். பயிற்சி ஓசூரிலேயே நடக்கிறது, தேர்வானால் வீட்டிலிருந்தே செய்யலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் ஆள் அங்கே போகவேண்டியதில்லை. பயிற்சிக் கட்டணம் பன்னிரண்டாயிரம். அவள் அம்மா பவளம் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினாள். பூங்கொடி பயிற்சியில் முதலாவதாக வந்தாள். செப்டம்பர் பதினேழாம் தேதியிலிருந்து மூன்று மாதம் சோதனைக்காலம். அது முடிந்தால் மாதம் ஏழாயிரம் சம்பளத்தோடு நிரந்தரம். நடுவில் கம்பெனிக்குத் திருப்தி இல்லையென்றால் ஒரு போனில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. காலையில் இறங்குகிற ஃபைல்களை மாலை நாலு மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால் பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பக்கூடாது, வீட்டு இணைப்பிலிருந்துதான் அனுப்ப வேண்டும். ஆக, அந்தப் பெண்ணின் வேலை முழுக்க ஒரு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இன்டர்நெட் ஒயரைக் கொடுத்தவன் ஹரீஷ்குமார். முதல் ஷிப்டு விடுகிற நேரம் கம்பெனி கேட்டுக்கு எதிரே குடையை விரித்துக்கொண்டு, கன்னடத்தில் ஒருத்தரையும் தெலுங்கில் ஒருத்தரையும் தமிழில் ஒருத்தரையும் ஒரே மூச்சில் மடக்குகிற பையன்.

“மாசம் அறுநூறு சார். டவுன்லோடு கணக்கே கிடையாது. வருசத்துக்கு மொத்தமா கட்னீங்கன்னா இன்ஸ்டலேசன் ஃப்ரீ சார்.”

“மாசாமாசம் கட்னா?”

“அதுக்கு ஐநூறு ஆகும் சார், ஒரே ஒரு வாட்டி.”

ஷிப்டு விடுகிற சைரன், டூவீலர் சத்தம், பின்னால் நிற்கிறவன் தோளில் இடிக்கிறான். முனிவேல் காதில் ‘ஃப்ரீ’ நன்றாக விழுந்தது. ‘ஐநூறு’ அரைகுறையாக விழுந்தது. விண்ணப்பத்தில் மாதாந்திரம் என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்தார். பேங்கிலிருந்து பணம் தானாகப் போகிற இ.சி.எஸ். படிவத்திலும் கையெழுத்துப் போட்டு, குறுக்கே கோடு கிழித்து ரத்து செய்த செக் ஒன்றையும் கொடுத்தார்.

“எந்தத் தேதியில எடுப்பீங்க?”

“ஒண்ணாந்தேதி பில்லு போடுவாங்க சார். அஞ்சாம் தேதி, பதினஞ்சாம் தேதி ரெண்டுல எது வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

“பதினஞ்சு போடு. எங்களுக்கு ஏழாந்தேதி சம்பளம்.”

தேதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்த மகிழ்ச்சியில் முனிவேல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஆள் வந்து மூக்கண்டப்பள்ளி வீட்டில் இணைப்பு கொடுத்தான். அன்றைக்குச் சாயங்காலமே ஓடியது. பூங்கொடி அன்று சிரித்த சிரிப்பைப் பவளம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி கூரியரில் முதல் பில் வந்தது. முனிவேல் ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பில் கொண்டுவந்த பவளத்தையும் கம்ப்யூட்டர் முன் இருந்த பூங்கொடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குப் பார்வையாளர்கள் வேண்டும்.

மொத்தம் ஆயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு ரூபாய் தொண்ணூற்று மூன்று பைசா.

“என்னாது?” என்றார் முனிவேல். “மாசம் அறுநூறுன்னான். இதென்ன ஆயிரத்தி அறுநூறு?”

மேலேயிருந்து படித்தார். இன்ஸ்டலேசன் ஐநூறு. செப்டம்பர் பன்னிரண்டு முதல் முப்பது வரை மாத வாடகையில் பங்கு, பத்தொன்பது நாள், முந்நூற்று எண்பது. அக்டோபர் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை வாடகை, முன்கூட்டி, அறுநூறு. கூட்டினால் ஆயிரத்து நானூற்று எண்பது. சேவை வரி பன்னிரண்டு சதவீதம், நூற்று எழுபத்தேழு அறுபது. அந்த வரியின் மேல் கல்வி வரி இரண்டு சதவீதம், மூன்று ரூபாய் ஐம்பத்தைந்து பைசா. உயர்கல்வி வரி ஒரு சதவீதம், ஒரு ரூபாய் எழுபத்தெட்டு பைசா. கீழே, கணக்கிலிருந்து எடுக்கும் தேதி அக்டோபர் பதினைந்து, கட்டவேண்டிய கடைசி நாள் பதினெட்டு.

சிவப்புப் பேனா நாலு இடத்தில் வட்டம் போட்டது.

“இன்ஸ்டலேசன் ஃப்ரீன்னு அந்தப் பையன் என் காதுபடச் சொன்னான். அது ஒண்ணு. வந்து இன்னும் ஒரு மாசம் ஆவல, ரெண்டு வாட்டி வாடகை போட்டிருக்கான், அது ரெண்டு. பன்னண்டுலருந்து முப்பது வரைக்கும் எத்தன நாளு? முப்பதுல பன்னண்டு போனா பதினெட்டு. இவன் பத்தொம்பது போட்டிருக்கான். ஒரு நாளுக்கு இருவது ரூபா அடிச்சுட்டான் பாரு, அது மூணு. என் பொண்ணு படிச்சு முடிச்சு வீட்ல உக்காந்திருக்கா, இப்ப எனக்கு எதுக்குக் கல்வி வரி? அதுவும் உயர்கல்வின்னு தனியா வேற!”

பூங்கொடி எழுந்து வந்தாள்.

“அப்பா, இங்க குடுங்க. பன்னண்டாந்தேதியும் நாம யூஸ் பண்ணோம்ல? அதையும் சேத்துத்தான் எண்ணணும். பன்னண்டு, பதிமூணு, பதினாலுன்னு எண்ணிப் பாருங்க, பத்தொம்பது வரும்.”

“நான் இருவத்திரெண்டு வருசமா அளக்கறேன்டி. இந்தக் கோட்லருந்து அந்தக் கோடு வரைக்கும் எவ்வளவுன்னா, பெருசுல சிறுசக் கழிக்கணும். எண்ணிக்கிட்டா இருப்பாங்க?”

“இது நீளம் இல்லப்பா, நாளு. வாடகையும் ரெண்டு வாட்டி இல்ல. போன மாசத்துக்குப் பாதி, இந்த மாசத்துக்கு முழுசு. அடுத்த பில்லுல அறுநூறும் வரியும் மட்டுந்தான் வரும். மொத பில்லு எல்லாருக்கும் இப்படித்தான் கூட வரும்.”

“உனக்கு யாரு சொன்னது?”

“இதுலயே போட்டிருக்கே.”

“போட்டிருக்கிறத அப்படியே நம்பறதுக்கு உங்கப்பன் எதுக்குக் கம்பெனியில சம்பளம் வாங்கறான்?” என்றார் முனிவேல். பவளம் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பேச்சு முடிந்தது. பூங்கொடிக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஃபைல் பாக்கி. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். ‘விடு, பதினஞ்சாம் தேதி தானா போயிடும், அப்புறம் மெதுவா புரியவைப்போம்’ என்று நினைத்திருப்பாள்.

அவள் அப்பாவைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை. எட்டாம் தேதி திங்கட்கிழமை, முதல் ஷிப்டு முடிந்ததும் முனிவேல் வண்டியை நேராகத் தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருக்கும் பேங்குக்கு விட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை. கணக்கிலிருந்து அந்தக் கம்பெனிக்கு இனி பணம் போகக்கூடாது, கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நீட்டினார். பாஸ்கரன் என்ற அதிகாரி வாங்கிப் படித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நிதானமானவர்.

“நிறுத்திடலாம் சார், அது உங்க உரிமை. ஆனா அந்தக் கம்பெனிக்குச் சொல்லிட்டீங்களா? பில்லுல தப்புன்னா அவங்ககிட்ட புகார் கொடுத்து ஒரு நம்பர் வாங்கிடுங்க. நாங்க பணத்தை நிறுத்தலாம், பில்லை நிறுத்த முடியாது.”

“நான் எதுக்கு சார் சொல்லணும்? பணம் நின்னா அவனே வருவான்.”

பாஸ்கரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் பென்ஷன் வரிசை நின்றது. கடிதத்தில் முத்திரை குத்தி நகலைத் திருப்பிக் கொடுத்தார். முனிவேல் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்தபோது ஒரு பெட்டிக்குச் சிவப்புச் சீட்டு கட்டிய திருப்தி அவருக்கு இருந்தது.

பதினாறாம் தேதி பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தார். பணம் போகவில்லை. பதினேழாம் தேதி அவருடைய செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் இ.சி.எஸ். திரும்பிவிட்டது, பதினெட்டுக்குள் கட்டி இணைப்பு துண்டிக்கப்படுவதைத் தவிர்க்கவும் என்று ஆங்கிலத்தில். கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த எல்லப்பனிடம் காட்டினார். எல்லப்பன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வீட்டில் தெலுங்கு, வெளியில் எல்லாமும்.

“பாத்தியா, எறங்கி வர்றான்” என்றார் முனிவேல்.

“கட் பண்ணிடுவேன்னு இல்ல போட்டிருக்கான்?”

“அதெல்லாம் அப்படித்தான் போடுவான். மொதல்ல மெரட்டுவான், அப்புறம் நேர்ல வருவான். எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூங்கொடி கீபோர்டுக்குச் சந்தனம் வைத்திருந்தாள். அன்றைக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது, இருபத்திரண்டாம் தேதி இன்னொன்று வந்தது. முனிவேல் இரண்டையும் படித்துவிட்டு, ஆள் வரும்போது காட்டலாம் என்று அழிக்காமல் வைத்திருந்தார். ஹரீஷ்குமார் வரவில்லை. கேட்டுக்கு எதிரே குடையும் இல்லை. அந்தப் பையன் எப்போதோ கிரெடிட் கார்டு விற்கப் போய்விட்டான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பையன் போனால் என்ன, அவன் முதலாளி இருக்கிறானே என்று நினைத்தார். பேங்கிலும் போனிலும் தானாகவே ஓடுகிற ஒரு கணக்குக்கு முதலாளி என்று மேஜை முன்னால் வந்து நிற்க யாரும் கிடையாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இருபத்துநாலாம் தேதி புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பூங்கொடி எட்டு ஃபைல் இறக்கிக்கொண்டாள். பதினோரு மணிக்கு முதல் மூன்றை ஏற்றப் போனபோது பக்கம் திறக்கவில்லை. மோடத்தில் எல்லா விளக்கும் எரிகிறது. அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தாள். பத்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு குரல் சொன்னது: “மேடம், உங்க இ.சி.எஸ். திரும்பியிருக்கு. பேமென்ட் பெண்டிங். சர்வீஸ் நிறுத்தியிருக்கோம்.”

“அக்கவுன்ட்ல பணம் இருக்குங்களே. எப்படித் திரும்பும்?”

“கஸ்டமர் நிறுத்தச் சொன்னதா பேங்க்லருந்து வந்திருக்கு மேடம்.”

பூங்கொடி போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பவளத்துக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் இருந்தது நானூறு ரூபாய். ஏ.டி.எம். கார்டு முனிவேலின் பர்ஸில், வேலை நேரத்தில் பர்ஸும் செல்போனும் கம்பெனி லாக்கரில். அவர் கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டு அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். சாமான் இறக்குகிற இன்வர்டில் லாரி நிற்கிறது, அவர் அங்கே இருக்கிறார், அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். பெங்களூர் டீம் லீடருக்குப் போன் செய்து நெட் இல்லை என்றாள். அந்த அம்மாள், “நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. வெளியே போய் எங்கேயும் அப்லோடு பண்ணிடாதே” என்றாள். பூங்கொடி எட்டு ஃபைலையும் தட்டச்சு செய்து முடித்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

இரண்டே முக்காலுக்கு முனிவேல் வந்தார். அவர் வண்டியை நிறுத்துவதற்குள் அவள் கேட்டாள்.

“பேங்க்ல போய் என்னப்பா பண்ணீங்க?”

“ஏன், வந்தானா?” என்றார் முனிவேல். முகத்தில் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைப் பவளத்தால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. அதுவும் இன்டர்நெட் கம்பெனிமேல்தான். பில்லையும் பேங்க் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு, “வா, இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன்” என்று பூங்கொடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டுக்குப் போனார். மாடியில் அந்தக் கம்பெனியின் சின்ன அலுவலகம். கவுன்டரில் ஒரு பெண். ரேவதி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பூங்கொடி வயதுதான் இருக்கும். முனிவேல் கத்தினார். காத்திருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரேவதி பில்லை வாங்கி, சிவப்பு வட்டங்களைப் பார்த்தாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்க சார். ஒவ்வொண்ணா பாத்துடலாம்.”

கணினியில் அவருடைய விண்ணப்பத்தின் படத்தைத் திருப்பிக் காட்டினாள். மாதாந்திரம் என்ற கட்டத்தில் அவர் போட்ட டிக். அதற்கு நேரே ‘இன்ஸ்டலேசன் ஐநூறு’ என்ற வரி. அதற்குக் கீழே அவர் கையெழுத்து. பிறகு மேஜையிலிருந்த காலண்டரை அவர் பக்கம் திருப்பினாள். பேனா முனையால் பன்னிரண்டைத் தொட்டு ஒன்று என்றாள். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போய் முப்பதில் நிறுத்தியபோது பத்தொன்பது என்றாள். மாதம் அறுநூறு, முப்பது நாள், நாளுக்கு இருபது, பத்தொன்பதுக்கு முந்நூற்று எண்பது. எங்கள் பில் மாதம் ஒன்றாம் தேதி தொடங்குது சார், அதனால நடுவில் சேர்றவங்களுக்கு அந்த மிச்ச நாளுக்கும், அடுத்த முழு மாதத்துக்கும் சேர்த்து முதல் பில் வரும் என்றாள். வரி, அரசாங்கத்துக்குப் போறது, கல்வி வரின்னு பேரே தவிர வீட்டில் யார் படிக்கிறாங்கன்னு கணக்கில்லை, எல்லாருக்கும் உண்டு என்றாள். கால்குலேட்டரில் தட்டி அவர் பக்கம் நீட்டினாள். ஆயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு, தொண்ணூற்று மூன்று.

முனிவேல் கால்குலேட்டரை வாங்கித் தானே ஒருமுறை தட்டினார். அதே எண் வந்தது. பைசாகூட நகரவில்லை. பூங்கொடி இதையெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்னால், ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லியிருந்தாள். பக்கத்தில் நின்றிருந்த மகளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

“சந்தேகம் இருந்தா கடைசித் தேதிக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்” என்றாள் ரேவதி. “புகார் நம்பர் கொடுத்திருப்போம். அது முடியற வரைக்கும் அந்தத் தொகைக்காக லைனை நிறுத்தியிருக்க மாட்டாங்க.”

ஏ.டி.எம்.மில் எடுத்து வந்து பணம் கட்டினார். இ.சி.எஸ். திரும்பியதற்கு இருநூற்றைம்பது, தாமதத்துக்கு நூறு, இரண்டும் அடுத்த பில்லில் வரியோடு வரும் என்றாள் ரேவதி. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது.

“இப்ப லைன் வந்துடுங்களா?” இது பூங்கொடி. மாடி ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

“பணம் சிஸ்டத்துல ஏறணும் மேடம். இருபத்துநாலு மணியிலேருந்து நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகும்.”

“நாலு மணிக்கு எனக்கு ஃபைல் போகணுங்க.”

“என் கையில இல்லீங்க.” ரேவதி நிஜமாகவே வருத்தப்பட்டாள். அவளும் சம்பளக்காரிதானே.

லைன் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் பெங்களூரிலிருந்து போன் வந்துவிட்டது. இரண்டு நாளில் இருபத்து மூன்று ஃபைல் தவறியிருந்தது, மூன்று வேறு ஆட்களை வைத்து முடித்திருந்தார்கள். சோதனைக்காலத்திலேயே இப்படி என்றால் மருத்துவமனைக்காரர்களிடம் பதில் சொல்ல முடியாது, நீ நன்றாகத்தான் செய்தாய், மன்னித்துக்கொள் என்றாள் டீம் லீடர். பூங்கொடி “சரிங்க மேடம்” என்றாள். மேஜையில் இருந்த ஹெட்போன் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் முனிவேல் யாருக்கும் தெரியாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். பெங்களூர் நம்பரைப் பூங்கொடியின் நோட்டிலிருந்து எழுதி வந்திருந்தார்.

“மேடம், நான் பூங்கொடி அப்பா பேசறேன். தப்பு எம்மேலதாங்க. கொழந்த மேல ஒண்ணும் இல்ல. பேங்க்ல நாந்தான் நிறுத்தினேன். பில்ல நான் தப்பாப் படிச்சுட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாழ்நாளில் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். இடம் நிரம்பிவிட்டது, எப்போதாவது காலியானால் பார்க்கலாம் என்றாள். பூத்துக்காரர் பதினோரு ரூபாய் என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது, அவர் அப்பா வீட்டிலும் கிடையாது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஜிலேபி வாங்கிப் போனார். அது மூன்று நாள் டப்பாவில் கிடந்து எறும்பு மொய்த்தது.

பவளம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பூங்கொடி பேசினாள். சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பிழைக்க வழி இருந்திருக்கும்.

நவம்பர் முதல் வாரம் இரண்டாவது பில் வந்தது. அறுநூறு, இருநூற்றைம்பது, நூறு, வரி. பூங்கொடி சொன்னபடியே முன்கூட்டிய ஒரு மாத வாடகை மட்டும். முனிவேல் கவுன்டரில் கட்டி, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரின் மேல் பவளம் ஒரு பழைய துண்டைப் போர்த்தினாள்.

டிசம்பரில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தபோது பூங்கொடி கூடத்தில் உட்கார்ந்து ஏதோ படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். சிப்காட் இரண்டாம் கட்டத்தில் மின்னணுப் பலகை செய்கிற ஒரு கம்பெனி. கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, மூன்று ஷிப்டு, மாதம் மூவாயிரத்து இருநூறு.

முனிவேலுக்கு அந்தக் கான்ட்ராக்டரைத் தெரியும். அவன் படிவத்தில் என்னென்ன ஒளித்து வைப்பான் என்றும் தெரியும். பி.எஃப். பிடிப்பான், கட்டமாட்டான். ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டு மறுபடி புதிதாகச் சேர்த்ததாக எழுதிக்கொள்வான். ஷூவுக்கும் சீருடைக்கும் சம்பளத்தில் கழிப்பான். இதையெல்லாம் கேட் வாசலில் பார்த்துப் பார்த்து வயதானவர் அவர். இந்த ஒரு காகிதத்தை அவரால் நிஜமாகவே படித்துச் சொல்லியிருக்க முடியும்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

“குடு கண்ணு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி படிச்சுப் பாத்துடறேன்.”

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

“வேண்டாம்பா” என்றாள். “நானே படிச்சுட்டேன்.”

அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டாள். படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு டீ போட எழுந்து போனாள்.